விட்டுப்போன கைப்பேசி எண் அடுத்தவர் கைக்குப் போகும்போது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிறவர்கள் கைப்பேசி எண் மாற்றுவதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. தோட்டத்துக்குள் ஒரு நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கும், இன்னொன்றுக்கு வாசலுக்கு வந்து நின்றால்தான் ஒரு கோடு வரும். ஈப்போவில் வேலை கிடைத்தால் ஒரு சிம், ஜொகூர் பக்கம் போனால் இன்னொரு சிம். பாசார் மாலாமில் குடை விரித்து மலிவாகச் சிம் விற்பார்கள், அதில் ஒன்று. பழைய சிம்முக்கு டாப் அப் செய்வதை நிறுத்திவிடுவோம், அதுவும் மேசை இழுப்பறையில் கிடக்கும். அதோடு அந்த எண்ணின் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடிவதில்லை. அந்த எண் கொஞ்ச காலம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். நம்முடைய சில கணக்குகளும் சில உரையாடல்களும் அதோடு சேர்ந்து போகலாம். எப்படிப் போகின்றன, எதெல்லாம் போகாது, போகாமல் எப்படித் தடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் எண் எப்படிக் கை மாறுகிறது என்று பார்ப்போம். ப்ரீபெய்டு எண்ணுக்கு ஆயுள் உண்டு. டாப் அப் செய்தால் ஆயுள் நாட்கள் கூடும். அது முடிந்ததும் கொஞ்ச நாள் சலுகைக் காலம் இருக்கும். பெரும்பாலும் அந்த நாட்களில் நமக்கு அழைப்பு வரும், நாம் யாரையும் அழைக்க முடியாது. எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதுவும் கடந்துவிட்டால் எண்ணைத் துண்டித்துவிடுவார்கள். துண்டித்த எண்ணைச் சில காலம் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு, புதுச் சிம் பாக்கெட்டில் போட்டு மறுபடி விற்பார்கள். அமெரிக்காவில் இப்படி ஒதுக்கி வைக்க வேண்டிய காலம் குறைந்தது 45 நாள், இந்தியாவில் 90 நாள்.

இதில் நிறுவனங்களின் மேல் கோபப்படவும் முடியாது. மலேசியாவில் 012, 016, 019 போன்ற ஒரு முன்னெண்ணுக்குப் பின்னால் 7 இலக்கங்கள்தான் வருகின்றன. அதாவது ஒரு முன்னெண்ணில் கூடிப்போனால் பத்து மில்லியன் எண்கள். இந்த நாட்டில் மக்கள்தொகையை விட அதிகமான சிம்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 011 எண்களுக்கு மட்டும் பின்னால் 8 இலக்கம் வைத்ததே எண்கள் போதாமல் போனதால்தான். விட்டுப்போன எண்களைத் திரும்ப எடுக்காமல் சமாளிக்க வழியில்லை.

தோட்டத்து வீட்டை நினைத்தால் இது எளிதாகப் புரியும். வேலையை விட்டுப் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அடுத்த குடும்பம் வரும். ஆனால் நாம் விலாசத்தை மாற்றிச் சொல்லாதவரை நமக்கு வரும் கடிதங்கள் அந்த வீட்டு எண்ணுக்கே வந்துகொண்டிருக்கும். கைப்பேசி எண்ணில் ஒரே ஒரு விஷயம் இதைவிட மோசம். இந்த விலாசத்துக்குக் கடிதம் மட்டும் வருவதில்லை, சாவியும் வருகிறது.

அந்தச் சாவிதான் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீடு. வங்கிக்காரர்கள் டேக் என்பார்கள், வேறு இடங்களில் ஓடிபி. ஒரு செயலிக்குள் நுழையும்போதோ கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லும்போதோ இந்தக் குறியீட்டை அனுப்பிச் சோதிப்பார்கள். "இந்த எண்ணின் சிம் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்கிறது. அந்த எண்ணைப் போன வருடம் வைத்திருந்தவரும் நீங்களும் ஒரே ஆளா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எண் ஒருவர் கையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய பூட்டு அது.

ஓர் எண் கை மாறும் கதை

ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். தீபாவளி நேரத்தில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்பார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், முன்பணம் டூயிட்நவ்வில் வரும். இரண்டுக்கும் அவருடைய கைப்பேசி எண்தான். பிப்ரவரியில் மகளுக்குத் துணையாக ஜொகூர் பாரு போகிறார். அங்கே மகள் ஒரு புதுச் சிம் வாங்கித் தருகிறாள். பழைய சிம்மைக் கழற்றிப் புதுச் சிம்மைப் போட்டதும் அக்கா முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பைத்தான். அது வழக்கம்போல ஓடுகிறது. பழைய ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், குழுக்கள் இருக்கின்றன. "சரி, ஒன்றும் போகவில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்.

ஆபத்து தொடங்கும் இடம் இதுதான். வாட்ஸ்அப் ஓர் எண்ணை முதல் தடவை பதியும்போதுதான் குறியீடு கேட்கும். அதன் பிறகு கைப்பேசிக்குள் எந்தச் சிம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அக்கா புதுச் சிம்மின் டேட்டாவில் பழைய எண்ணின் வாட்ஸ்அப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பழைய எண் செத்த அன்றும் அவருக்கு எதுவும் தெரியாது. அழைப்பும் செய்தியும் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுவதால், பழைய எண்ணுக்குச் சாதாரண அழைப்பு போகவில்லை என்பதைக்கூட யாரும் அவரிடம் சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்டில் அந்த எண் ஒரு புதுப் பாக்கெட்டில் கூலிமில் ஒரு கடைக்கு வருகிறது. ஒரு பையன் வாங்குகிறான். நல்ல பையன் என்றே வைத்துக்கொள்வோம். தன் எண்ணை வாட்ஸ்அப்பில் பதிகிறான், குறியீடு வருகிறது, தட்டுகிறான். அந்த நொடியில் ஜொகூரில் அக்காவின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். இந்த எண் வேறொரு கைப்பேசியில் பதியப்பட்டுவிட்டது என்று அவருக்கு ஓர் அறிவிப்பு வரும். அவர் மறுபடி நுழையப் பார்த்தால் குறியீடு பையனுக்குப் போகும். அவ்வளவுதான், அக்காவுக்கு அந்தக் கணக்கு இல்லை.

பையன் என்ன பார்ப்பான்? இதில் பலருக்கும் பயம் ஒரு பக்கம் கூடுதலாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் இருக்கிறது. அக்காவின் பழைய உரையாடல்களை அவனால் பார்க்க முடியாது. வாட்ஸ்அப் செய்திகள் கைப்பேசியில்தான் இருக்கும், நிறுவனத்தின் சேமிப்பில் கிடப்பதில்லை. கூகுள் டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தாலும் அதை எடுக்க எண்ணோடு அக்காவின் கூகுள் கணக்கும் வேண்டும். பழைய புகைப்படம், பழைய குரல்பதிவு எதுவும் பையனுக்குக் கிடைக்காது.

ஆனால் அன்றிலிருந்து வருவதெல்லாம் அவனுக்குத்தான். அக்கா இருந்த குழுக்களில் இப்போது அவன் இருப்பான். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் திருவிழாக் குழு, சொந்தக்காரர்கள் குழு. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளிப் பேருந்தில் இறங்கும் என்றெல்லாம் அந்நியன் ஒருவன் படித்துக்கொண்டிருப்பான். "அக்கா, முறுக்கு ரெண்டு டின் வேணும், முன்பணம் அனுப்பவா?" என்று செய்தி வரும். பையன் கெட்டவனாக இருந்தால் "அனுப்புங்க" என்று தன் வங்கிக் கணக்கு எண்ணைத் தந்தால் போதும்.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. உரையாடலுக்கு நடுவில், பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றும். ஒருவர் கைப்பேசியை மாற்றினாலும் அந்த வரி வரும் என்பதால் அது வந்தாலே திருட்டு என்று அர்த்தமில்லை. அதோடு முகப்புப் படமும் மாறி, எழுதும் விதமும் மாறியிருந்தால் பணம் அனுப்புவதற்கு முன் வேறு வழியில் கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

இதற்கு வாட்ஸ்அப் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஒரு கணக்கு 45 நாள் பயன்பாட்டில் இல்லாமல் கிடந்து, பிறகு வேறொரு கைப்பேசியில் பதியப்பட்டால் பழைய கணக்கின் படம் உள்ளிட்ட விவரங்களை நீக்கிவிடும். 120 நாள் தொடர்ந்து பயன்படுத்தாத கணக்கை மொத்தமாகவே அழித்துவிடும். ஆனால் நம் அக்கா தினமும் வாட்ஸ்அப் பார்க்கிறார். கணக்கு உயிரோடு இருப்பதால் இந்தத் தடுப்பு அவருக்குப் பயன்படாது. பழைய எண்ணில் வாட்ஸ்அப்பை விடாமல் ஓட்டுகிறவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்கப் பின் எண் ஒன்றும் வைக்கலாம். வைத்திருந்தால் பையனால் உடனே கணக்குக்குள் போக முடியாது. ஆனால் ஏழு நாள் காத்திருந்தால் பின் இல்லாமலேயே அந்த எண்ணில் அவன் வாட்ஸ்அப் தொடங்கிவிடலாம். எண் அவனுடையதாகிவிட்டது, வாட்ஸ்அப்பும் எத்தனை நாள் தடுக்கும்? பின் வைப்பது நல்லதுதான், ஆனால் எண்ணை முறையாக மாற்றிக்கொள்வதற்கு அது ஈடாகாது.

டெலிகிராம் வைத்திருந்தால் நிலைமை வேறு, இன்னும் மோசம். டெலிகிராமில் சாதாரண உரையாடல்கள் எல்லாம் நிறுவனத்தின் சேமிப்பில்தான் இருக்கின்றன. அந்த எண்ணோடு உள்ளே போகிறவருக்குப் பழைய செய்திகளும் படங்களும் கோப்புகளும் அப்படியே விரியும். ஐசி படம் எடுத்து மகனுக்கு அனுப்பியது, மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாம். இரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கியவை மட்டும்தான் தப்பும். இதைத் தடுப்பது டெலிகிராமில் தனியாக வைக்கும் கடவுச்சொல். அது இருந்தால் குறியீடு கிடைத்தாலும் பழைய செய்திகளைப் பார்க்க முடியாது. நாம் இன்னும் டெலிகிராமில் உள்ளே இருக்கும்போது வேறு யாராவது நம் எண்ணில் நுழையப் பார்த்தால் அந்தக் குறியீடு பெரும்பாலும் முதலில் நம் செயலிக்குள்ளேயே வரும். நாம் கேட்காத நேரத்தில் டெலிகிராமிலிருந்து ஒரு குறியீடு வந்தால், பழைய எண்ணுக்குப் புது ஆள் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகநூலிலும் இணையக் கடைகளிலும் வேறு வழியில் கதவு திறக்கிறது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தட்டி, எண்ணைக் கொடுத்தால் பல இடங்களில் குறுஞ்செய்தியில் குறியீடு வரும், அதை வைத்துப் புதுக் கடவுச்சொல் போட்டுவிடலாம். இதற்குத் திருட்டு எண்ணம்கூட வேண்டியதில்லை. பையன் தன் புது எண்ணில் புதுக் கணக்குத் தொடங்கப் போய், அந்த எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று வந்து, குழம்பி, தெரியாமலேயே அக்காவின் கணக்குக்குள் நுழைந்துவிட முடியும்.

இது ஏதோ ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் லீ, அரவிந்த் நாராயணன் இருவரும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் புது வாடிக்கையாளருக்குத் தரத் தயாராக வைத்திருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்களில் பிரபலமான இணையத்தளங்களில் யாரோ ஒருவருடைய கணக்கு இன்னும் இணைந்தே இருந்தது. அதாவது மூன்றில் இரண்டு. எண் கடைக்கு வருவதற்கு முன்பே அதற்குள் பழைய ஆளின் கணக்கு காத்துக்கொண்டிருக்கிறது. மலேசியாவில் அதே விகிதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வழிமுறை இங்கேயும் அதேதான்.

பணம் இருக்கும் இடங்கள்

வங்கியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். குறுஞ்செய்தி மட்டும் கையில் இருந்தால் யாரும் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்துவிட முடியாது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அதோடு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. அதன் பிறகு பெரிய வங்கிகள் பணம் அனுப்பும் அனுமதியைத் தங்கள் செயலிக்குள்ளேயே கேட்கின்றன. இது நல்ல மாற்றம். ஆனாலும் எண் பழையதாகவே இருந்தால் வங்கியின் எச்சரிக்கைகள் உங்களுக்கு வராது. உங்கள் கணக்கிலிருந்து பணம் போனது கூலிமில் இருக்கும் பையனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

டூயிட்நவ் தனிக் கதை. அதில் உங்கள் எண் ஒரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும், எண்ணைத் தட்டினால் பணம் அந்தக் கணக்குக்குப் போகும். சிம் கை மாறினாலும் இந்த இணைப்பு தானாக மாறாது. அதனால் பையனுக்கு அவன் நண்பன் அனுப்பும் பணம் அக்காவின் கணக்கில் விழக்கூடும். பையன் தன் எண்ணைப் பதியப் போனால் ஏற்கெனவே பதியப்பட்டிருக்கிறது என்று வரும். பிறகு எப்படியாவது பழைய இணைப்பு நீங்கி அவன் பெயரில் பதிந்துவிட்டால், அக்காவின் பழைய வாடிக்கையாளர்கள் முறுக்குக்கு அனுப்பும் முன்பணம் அவனுக்குப் போகும். இரண்டையும் தடுப்பது ஒன்றுதான்: பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர். எண்ணைத் தட்டியதும் யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்று காட்டும். போன வருடம் அனுப்பிய அதே எண்தானே என்று அந்தப் பெயரைப் படிக்காமல் அழுத்திவிடுகிறோம். எண் அதேதான், ஆள் வேறு.

எனக்கு அதிகக் கவலை தோட்டப்புறப் பெரியவர்களைப் பற்றித்தான். இபிஎப், வங்கி எல்லாவற்றுக்கும் எண் கேட்பார்கள். பெரியவருக்குக் கைப்பேசி சரியாகத் தெரியாது, அதனால் அன்றைக்குக் கூட வந்த பேரனின் எண்ணையோ பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணையோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். பேரன் இரண்டு தடவை எண் மாற்றியிருப்பான். தாத்தாவின் கணக்கு அவன் விட்டுப்போன எண்ணில் தொங்கிக்கொண்டிருப்பது அவனுக்கே நினைவிருக்காது. பணம் எடுக்க வேண்டிய நாளில்தான் தெரியும், குறியீடு யாருக்கோ போகிறது என்று. வீட்டில் எண் மாற்றுகிறவர்கள் தங்கள் கணக்கை மட்டும் பார்க்காமல், தங்கள் எண்ணில் வேறு யாருடைய கணக்கெல்லாம் இருக்கிறது என்று தாத்தா பாட்டியிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். இபிஎப்பில் எண்ணை மாற்ற அவர்களையே ஐசியோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விடுவது உறுதியான வழி.

எண்ணை விடும்போது செய்ய வேண்டியவை

பழைய சிம் இன்னும் வேலை செய்யும்போதே எல்லாவற்றையும் மாற்றுவதுதான் சரி. எங்கெல்லாம் எண்ணைக் கொடுத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தால் பாதிதான் வரும். அதைவிட நல்ல வழி, உங்கள் குறுஞ்செய்திப் பெட்டியைத் தேடிப் பார்ப்பது. நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் இங்கே பெரும்பாலும் `RM0` என்று தொடங்கும், உங்களிடம் காசு பிடிக்கவில்லை என்பதற்காக. தேடும் இடத்தில் `RM0` என்று தட்டிப் பாருங்கள். அப்புறம் `TAC`, `OTP`, `code` என்றும் தேடுங்கள். எந்த வங்கி, எந்த மின்பணப்பை, எந்தக் கடை, எந்த மருந்தகம் என்று வரிசையாக வரும். வருடக்கணக்கில் மறந்துபோன கணக்குகள் அதில்தான் கிடைக்கும்.

சிம் ஏற்கெனவே செத்துவிட்டது, ஆனால் செயலிகள் இன்னும் ஓடுகின்றன என்றால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இதைப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், பழைய எண்ணுக்குத்தான் குறியீடு வராதே என்று. வாட்ஸ்அப்பில் `Settings`, `Account`, `Change number` என்று போனால் பழைய எண்ணையும் புது எண்ணையும் கேட்கும். குறியீடு புது எண்ணுக்குத்தான் வரும். பழைய சிம் தேவையே இல்லை. உரையாடல்களும் குழுக்களும் புது எண்ணுக்கு வந்துவிடும், பழைய எண்ணில் இருந்த கணக்கு நீங்கிவிடும். தெரிந்தவர்களுக்கு எண் மாறியதை அறிவிக்கட்டுமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லலாம். டெலிகிராமிலும் `Settings` உள்ளே உங்கள் எண்ணைத் தொட்டால் `Change Number` வரும், அங்கேயும் குறியீடு புது எண்ணுக்கே. நம் அக்கா பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை எந்த நாளிலும் இதைச் செய்திருக்கலாம். பையன் பதிந்த பிறகுதான் வழி அடைபடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டுப் புது எண்ணில் புதிதாக நிறுவுவது எண் மாற்றுவது ஆகாது. அப்படிச் செய்தால் பழைய எண்ணில் பழைய கணக்கு அப்படியே நிற்கும், குழுக்களிலும் அந்தப் பழைய எண்தான் இருக்கும்.

முகநூல், கூகுள் போன்றவற்றில் நீங்கள் இன்னும் உள்ளே இருந்தால் கடவுச்சொல்லை வைத்தே எண்ணை மாற்றிவிடலாம். புது எண்ணைச் சேர்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், பழைய எண்ணை நீக்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் குறியீடு போகும். வங்கியில் பதிந்த எண்ணை மாற்ற ஏடிஎம்முக்கோ கிளைக்கோ போக வேண்டியிருக்கும், வங்கிக்கு வங்கி முறை மாறும். போகும்போது டூயிட்நவ்வில் பழைய எண்ணின் இணைப்பையும் நீக்கச் சொல்லுங்கள், வங்கியின் செயலிக்குள்ளேயே நீங்களே நீக்கவும் முடியும். வங்கியில் எண் மாற்றியதும் டூயிட்நவ்விலும் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் முடிக்க நேரம் இல்லை என்றால் பழைய எண்ணைச் சில மாதம் உயிரோடு வைத்திருங்கள். குறைந்த டாப் அப் போட்டு ஆயுளை நீட்டலாம். இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது, அலை கிடைக்காததுதான் காரணம் என்றால் எண்ணை மாற்றவே வேண்டாம். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி மலேசியாவில் 2008-லிருந்து இருக்கிறது. கடையில் புதுச் சிம் விற்பது எளிது என்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வேறொருவர் விட்ட எண் உங்களுக்கு வந்திருந்தால்

புதுச் சிம் போட்ட அன்றே தெரிந்துவிடும். முன்பின் தெரியாத பெயரைச் சொல்லி அழைப்பு வரும், கடன் வசூல்காரர் கோபமாகப் பேசுவார், கேட்காத குறியீடு வரும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாருடைய குழுவிலோ இருப்பீர்கள். அந்தக் குழுக்களில் "இந்த எண் இப்போது வேறு ஆளிடம் இருக்கிறது, பழையவருக்குத் தெரிவித்துவிடுங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறுங்கள். அந்த ஒரு வரியால் அக்கா போன்ற ஒருவருக்குச் செய்தி போய்ச் சேரும். ஆர்வத்தில் பழைய கணக்குகளைத் திறந்து பார்க்க வேண்டாம். எண் உங்களுடையது என்பதால் கணக்கும் உங்களுடையது ஆகிவிடாது. அனுமதி இல்லாமல் நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கல், நம் உதவும் மனசு. யாரோ கூப்பிட்டு, "தம்பி, அது என்னோட பழைய நம்பர்ப்பா, இப்ப ஒரு கோட் வரும், அத மட்டும் சொல்லிடு" என்பார். குரலைக் கேட்டால் வயதானவர் மாதிரி இருக்கும், பாவம் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். வரும் குறியீடு உங்கள் சொந்த வாட்ஸ்அப்பைப் பறிக்கக் கேட்டதாக இருக்கலாம், மலேசியாவில் பலர் இப்படித்தான் கணக்கை இழந்திருக்கிறார்கள். அழைத்தவர் உண்மையிலேயே பழைய ஆள்தானா என்று உங்களால் சோதிக்கவும் முடியாது. உண்மையான ஆளாக இருந்தால் அவருக்கு வங்கிக் கிளை இருக்கிறது, ஐசி இருக்கிறது, வேறு வழி இருக்கிறது. "மன்னிச்சிடுங்க ஐயா, வங்கிக்குப் போய் நம்பர மாத்திடுங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடலாம். அவசரத்தில் சொல்லிவிட்டு, அதனால் உங்கள் பணமே போய்விட்டால் உடனே வங்கியையும் மோசடிப் புகார் எண் 997-ஐயும் அழையுங்கள்.

ஒரு வங்கியிலிருந்து பழைய ஆளுக்கான செய்திகள் தொடர்ந்து வந்தால் அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, இந்த எண் இப்போது உங்கள் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லலாம். வங்கியின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களாகவே அழைக்க வேண்டும், குறுஞ்செய்தியில் வந்த எண்ணுக்கு வேண்டாம். அவர்களுக்கு எண்ணைச் சொன்னால் போதும், வந்த குறியீட்டைப் படித்துக்காட்டத் தேவையில்லை.